தோட்டத்து வளையில் இருப்பது எலியா, பாம்பா, நண்டா, பெருச்சாளியா?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பாம்பு வளை தோண்டாது. மண்ணுளிப் பாம்பு இளகிய மண்ணுக்குள் புகுந்துகொள்ளும், அவ்வளவுதான். மற்றவற்றில் பல எலி வளையிலோ கறையான் புற்றிலோ குடியேறும். அதனால் வளையை யார் தோண்டியது என்பதோடு, இப்போது உள்ளே யார் என்றும் பார்க்க வேண்டும்.

பகல் வெளிச்சத்தில், ஷூ போட்டுக்கொண்டு, நாலைந்து அடி தள்ளி நின்று வாசலைப் பாருங்கள். கையையோ குச்சியையோ உள்ளே விடாதீர்கள்.

வாய்க்கால் ஓரமோ கழிவுநீர் தேங்கும் இடமோ என்றால் பெரும்பாலும் நண்டு. வாசலைச் சுற்றி ஈர மண் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். சில சமயம் சிறு மதில்போல் உயர்ந்தும் நிற்கும்.

எலி வளை இரண்டு மூன்று விரல் அகலம்தான். முன்னால் பொடி மண் விசிறியதுபோல் சிதறியிருக்கும். பெருச்சாளி வளையில் கை முஷ்டி தாராளமாகப் போகும். பக்கத்தில் கூடைக்கணக்கில் மண் குவிந்திருக்கும், பெரிய புழுக்கைகளும் தெரியும். சுவர் அடித்தளம், குப்பைக்குழி, கோழிக்கூடு ஓரங்களில்தான் அதிகம்.

சரி, உள்ளே இப்போது இருப்பது யார்? இதற்கு மணல் சோதனை. சலித்த மணலையோ சாம்பலையோ மாலையில், வெளிச்சம் இருக்கும்போதே, வாசல் முன் ஒரு முழ அகலத்துக்குச் சன்னமாகத் தூவி, நீளக் கம்பால் மட்டப்படுத்துங்கள். காலையில் சிறு காலடிகளும் நடுவே வால் இழுத்த கோடும் இருந்தால் எலி. அதுவே பெரிதாக இருந்தால் பெருச்சாளி. காலடியே இல்லாமல் வழவழப்பாக ஒரு பட்டை வளைந்து போனால் பாம்பு.

எங்கள் வீட்டு மதிலோர வளையில் முதல் இரவு எலித் தடம் தெளிவாக விழுந்தது. எலிதானே என்று மறுநாளே அடைக்கக் கிளம்பினார் அப்பா. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று நிறுத்தினேன். இரண்டாம் நாள் தடமே இல்லை. மூன்றாம் நாள் இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை உள்ளே போயிருந்தது, வெளியே வந்த தடம் இல்லை. 101-க்குச் சொன்னோம். தீயணைப்புத் துறையினர் வந்து தோண்டியபோது உள்ளே நல்ல பாம்பு.

ஒரே இரவில் முடிவு கட்டாதீர்கள். இரை விழுங்கிய பாம்பும் சட்டை உரிக்கப் போகும் பாம்பும் நாட்கணக்கில் வெளியே வராது. சிலந்தி வலை வாசலை மூடியிருந்தால் அண்மையில் யாரும் அந்த வழியாகப் போகவில்லை என்றுதான் அர்த்தம். வேறு வாசலும் இருக்கலாம்.

பாம்புத் தடம் கண்டால் தண்ணீர், மண்ணெண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள், அது எந்த வாசல் வழியாக வெளிவரும் என்று சொல்ல முடியாது. கடித்துவிட்டால் 108-ஐ அழைத்து நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்த பிறகே செங்கல் துண்டும் சிமெண்டும் போட்டு வளையை அடைத்தோம்.