கட்டுரையைக் குறுக்கினால் போஸ்டர் ஆகிவிடாது

ஆய்வுக் கட்டுரையைக் கருத்தரங்கில் மாட்டும் போஸ்டராக்க உட்காருபவர்களில் பெரும்பாலோர், ஒவ்வொரு பகுதியையும் பாதியாக வெட்டி ஏ0 தாளில் ஒட்டிவிடுகிறார்கள். சுருக்கம், முன்னுரை, முந்தைய ஆய்வுகள், முறை என்று அதே வரிசை. முடிவு கீழே வலது மூலையில், பார்ப்பவரின் முழங்கால் உயரத்தில் போய் நிற்கிறது. அதைக் குனிந்து படிக்க யாரும் வரமாட்டார்கள்.

டர்பனில் ஒரு மாணவி, 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்கள் எப்படி எழுதப்பட்டன என்று ஆராய்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கப்பலான ட்ரூரோ மதராஸிலிருந்து வந்த கதைக்குக் கட்டுரையில் மூன்று பக்கம் தரலாம். போஸ்டரில் ஒரு வரி போதும். சுருக்கமே வேண்டாம், போஸ்டரே சுருக்கம்தானே! 'பட்டியல்களில் பெயர்கள்' என்ற தலைப்பையும் விட்டுவிட்டு, 'ஒரே பெயரை எழுத்தர்கள் பலவிதமாக எழுதினார்கள்' என்று கண்டறிந்ததையே முழு வாக்கியமாக மேலே போட வேண்டும். நாற்பது வரி அட்டவணைக்குப் பதிலாக, ஒரு பெயரின் நான்கு வடிவங்களைப் பெரிதாகக் காட்டினால் போதும். மொத்தச் சொற்கள் ஐந்நூறைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

அடுத்த தவறு கண்ணுக்கு எளிதில் படாதது. மேலிருந்து கீழாக ஓடும் மூன்று பத்திகளில் ஒன்பது பெட்டிகள் வைத்து, எல்லாப் பெட்டிகளுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி விட்டால், கீழே இறங்குவதா பக்கத்துக்குப் போவதா என்று கண்ணுக்குத் தெரியாது. முறையைப் படித்தவர் நேராக முடிவுரைக்குத் தாவிவிடுவார். பலர் அம்புக்குறி வரைந்து இதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். அதைவிட, பத்திகளுக்கு இடையே ஐந்து சென்டிமீட்டரும், ஒரே பத்திக்குள் மேல்-கீழ்ப் பெட்டிகளுக்கு இடையே இரண்டும் விட்டாலே கண் தானாக இறங்கும். பத்தி முறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: கூட்டத்தில் நிற்பவர் ஒரு பத்தியை முடித்துவிட்டு ஓரடி வலப்பக்கம் நகர்ந்தால் போதும். வரிசை வரிசையாகப் படிக்க வைத்தால், ஒவ்வொரு வரிசைக்கும் அவர் போஸ்டரின் இரு முனைக்கும் நடக்க வேண்டியிருக்கும்.

எழுத்தின் அளவைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஏ0 தாளை ஏ4-இல் அச்சிட்டால் நீளமும் அகலமும் நான்கில் ஒரு பங்காகும். 24 பாயின்ட் எழுத்து 6 பாயின்ட் ஆகிவிடும். அந்த ஏ4 தாளைக் கையில் பிடித்துப் படிக்க முடியாவிட்டால், எழுத்தைப் பெரிதாக்க இடம் தேடாமல் சொற்களை வெட்டுங்கள். அறிமுகமில்லாத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, விரலால் தொட்டபடி படிக்கச் சொன்னால், வரிசை எங்கே குழம்புகிறது என்பதும் தெரிந்துவிடும்.

தமிழ்ப் பெயர்கள் வரும் போஸ்டர் என்றால் கோப்பை எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் ஆகவே அச்சகத்துக்கு அனுப்புங்கள். அங்குள்ள கணினியில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லையென்றால், கொம்பும் காலும் இடம் மாறிவிடும், அல்லது பெயர் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள்தான் அச்சாகும்.