கிணற்று நீச்சல் தெரிந்தவர் ஃப்ரீஸ்டைலில் மூச்சுவிடப் பழகுவது எப்படி?

பாலக்கோடு பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு அண்ணன் போன கோடையில் என்னிடம் ஃப்ரீஸ்டைல் பழக வந்தார். வயது 42. சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் கற்றவர், தண்ணீர் பயம் துளியும் கிடையாது. ஆனால் 25 மீட்டர் குளத்தில் பாதி தூரம் போவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுவார். "மூச்சே பத்தல தம்பி, வயசாயிடுச்சு போல" என்றார்.

வயது காரணமில்லை. கிணற்றில் தலையை வெளியே வைத்தே நீந்துகிறோம், அதனால் மூச்சைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. ஃப்ரீஸ்டைலில் முகம் தண்ணீருக்குள் இருக்கும். முகம் நனைந்ததும் அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். அப்புறம் தலை வெளியே வரும் ஒரு நொடிக்குள் பழைய காற்றை விட்டு, புதிய காற்றையும் இழுக்கப் பார்த்தார். அதற்கு நேரம் போதாது. உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும், அந்தத் தவிப்பு பெரும்பாலும் அதனால்தான் வருகிறது.

முதல் படி: தண்ணீருக்குள் மூச்சை விடுவது

நெஞ்சளவு ஆழத்தில் சுவரைப் பிடித்து நில்லுங்கள். வாயால் காற்றை இழுத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து, "ம்ம்ம்" என்று முனகுங்கள். முனகும்போது மூக்கு வழியே குமிழி தானாக வரும், தண்ணீர் உள்ளே ஏறாது. முனகல் நின்றால் மூச்சை அடக்கிவிட்டீர்கள் என்று பொருள். தலையைத் தூக்கியதும் சட்டென்று வாயால் இழுத்து, மறுபடி உள்ளே போங்கள். நடுவில் நிற்காமல் 20 முறை செய்ய முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். அண்ணனுக்கு இதற்கே மூன்று நாள் ஆனது. அவசரப்படுத்தவில்லை, மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது படி: தலையைத் தூக்காமல் திருப்புவது

ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறு கையைத் தொடையோடு வைத்து, காலை உதைத்தபடி மிதந்துகொள்ளுங்கள். தொடையோடு இருக்கும் கையின் பக்கமாக, தோளும் இடுப்பும் சேர்ந்து புரள, முகத்தைத் திருப்புங்கள். நீட்டிய கையின்மேல் காது படுத்திருக்க வேண்டும். நீச்சல் கண்ணாடியின் ஒரு வில்லை தண்ணீருக்குள்ளும் மற்றொன்று வெளியிலும் இருந்தால் சரி. இரண்டு கண்ணுக்கும் மேற்கூரை தெரிந்தால் அதிகமாகத் திரும்பிவிட்டீர்கள். எதிரே குளத்தின் முனை தெரிந்தால் தலையைத் தூக்கிவிட்டீர்கள். தலை ஏறினால் இடுப்பும் காலும் கீழே இறங்கும், அப்புறம் உடம்பை இழுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கும். கிணற்றுப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுதான் விடாத தவறு.

நீந்தும்போது தலை தண்ணீரைப் பிளந்து போவதால் கன்னத்தின் பக்கம் சிறு பள்ளம் உண்டாகும். வாய் அந்தப் பள்ளத்தில் இருப்பதால், தோன்றுவதைவிடக் குறைவாகத் திரும்பினாலே காற்று கிடைத்துவிடும்.

மூன்றாவது படி: கையோடு தாளம்

முதலில் உங்களுக்கு வசதியான பக்கம் மட்டும். வலது கை தண்ணீரைத் தள்ளி இடுப்பைத் தாண்டும்போது முகம் வலப்பக்கம் திரும்பும். அந்தக் கை முன்னால் போய் தண்ணீரைத் தொடுவதற்குள் முகம் உள்ளே வந்திருக்கும். வந்த உடனே முனகல் தொடங்க வேண்டும். மூச்சு இழுக்கும் நேரத்தில் முன்னே நீட்டிய இடது கை கீழே அமுங்கினால் வாயில் தண்ணீர் போகும். அண்ணன் குடித்த தண்ணீரெல்லாம் இந்தக் கையால்தான். "அந்தக் கையை நீட்டியே வைங்கண்ணா" என்று சொல்லிச் சொல்லி, ஒரு வாரத்தில் 25 மீட்டரை நிற்காமல் முடித்தார்.

நான்காவது படி: இரண்டு பக்கமும்

மூன்று கைவீச்சுக்கு ஒரு மூச்சு என்று எண்ணினால் பக்கம் தானாக மாறும்: "ஒன்று, இரண்டு, வலது, ஒன்று, இரண்டு, இடது." ஒரே பக்கம் திரும்பியே பழகினால் சிலருக்கு உடம்பு கோணும், கோடு விட்டு விலகிப் போவார்கள். இது அதைச் சரிசெய்யும். மூன்றுவரை காற்று தாங்கவில்லை என்றால் அடக்கிப் பிடிக்காதீர்கள். போகும்போது வலப்பக்கம் மட்டும், திரும்பி வரும்போது இடப்பக்கம் மட்டும், இரண்டு வீச்சுக்கு ஒரு மூச்சு என்று நீந்துங்கள். இரண்டு பக்கமும் பழகிவிடும், காற்றும் குறையாது. போட்டி வீரர்கள் பலரும் இரண்டு வீச்சுக்கு ஒருமுறைதான் மூச்செடுக்கிறார்கள்.

இதையெல்லாம் கால் ஊன்றி நிற்கக்கூடிய குளத்தில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பழகுங்கள். ஊர்க் கிணறு, கே.ஆர்.பி. அணை, ஒகேனக்கல் ஆறு எதுவும் இதற்கு வேண்டாம். நீந்துவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு நீருக்கடியில் மூச்சடக்கும் விளையாட்டும் கூடாது, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பலாம்.

அண்ணனுக்கு இடது பக்கம் இன்னும் கழுத்து இறுக்கமாகத்தான் திரும்புகிறது. அதனால் தினமும் முதல் நான்கு நீளம் இடது பக்கம் மட்டுமே மூச்செடுத்து நீந்துகிறார்.