சென்னை என்று காட்டினால் சென்னையில் இருப்பவர்தானா?

கடலூர் ஓ.டி. எனப்படும் பழைய டவுனில் இன்ஸ்டாகிராம் வழியாகக் கருவாடு விற்கும் அக்கா ஒருவர் ஒரு சனிக்கிழமை காலை எனக்குப் போன் செய்தார். 5,000 ரூபாய் போட்டால் மறுநாளே 50,000 கிடைக்கும் என்று அவருடைய கணக்கிலிருந்து ஸ்டோரி போயிருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் நம்பிப் பணமும் அனுப்பிவிட்டார். “தம்பி, யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். லாகின் லிஸ்ட்ல சென்னைன்னு இருக்கு. முன்னாடி என்கிட்ட பார்சல் கட்டிக்கிட்டு இருந்த பையன் இப்போ சென்னையிலதானே வேலை பாக்குறான்?”

நான் முதலில் கேட்டது வேறு. “அந்த லிஸ்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்தீங்களாக்கா?” எடுக்கவில்லை. பதற்றத்தில் எல்லா டிவைசையும் லாக் அவுட் செய்து, பாஸ்வேர்டையும் மாற்றியிருந்தார். ஆளை வெளியே தள்ளியது சரிதான், அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் அதற்கு முன் அந்தப் பட்டியலைப் படம் பிடிக்க அரை நிமிடம் போதும். லாக் அவுட் கொடுத்ததும், அந்த நேரத்தில் உள்ளே யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியல் போய்விடும். பிறகு மிஞ்சுவது, நம் கணக்கைப் பற்றி இன்ஸ்டாகிராமிடம் கேட்டு டவுன்லோடு செய்யும் தரவு மட்டும்தான். அதைக் கேட்கும்போது கால அளவை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும், வடிவம் JSON என்று கொடுக்க வேண்டும். வந்து சேரச் சில மணி நேரம்கூட ஆகலாம்.

அதற்குள் சென்னை விஷயத்தைப் பார்த்தோம். லாகின் பட்டியலில் வரும் ஊர், ஜிபிஎஸ் சொல்லும் ஊர் அல்ல. இணைய இணைப்புக்குக் கிடைக்கும் எண்ணான ஐபி முகவரியை வைத்துப் போடும் கணக்கு. மொபைல் டேட்டாவில் நாம் ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து சிம் நிறுவனத்தின் ஏதோ ஒரு பெரிய வாசல் வழியாகத்தான் இணையத்துக்குள் போகிறோம். அந்த வாசல் இருக்கும் ஊர்தான் திரையில் வரும். கடலூரிலோ பாண்டிச்சேரியிலோ உட்கார்ந்திருப்பவருக்குச் சென்னை என்று வருவது சாதாரணம். சில நாள் வேறு மாநிலத்து ஊர்கூட வரும். சோதிப்பது சுலபம். வைஃபையை அணைத்துவிட்டு, அக்காவின் போனில் மொபைல் டேட்டாவில் உள்ளே போய், இப்போது பயன்படுத்தும் டிவைசுக்கு எந்த ஊர் போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். சென்னை! ஓ.டி. வீட்டுத் திண்ணையிலிருந்தே.

தரவு வந்ததும் அடுத்த சந்தேகம் கிளம்பியது. உள்நுழைவு விவரங்கள் `login_activity.json` என்ற கோப்பில் இருக்கும். அதில் ஒரு வரியில் `Android 10; K` என்று இருந்தது. அக்காவின் போன் புதியது, ஆண்ட்ராய்டு 14. அப்படியென்றால் இது யாருடைய பழைய போன்? யாருடையதும் இல்லை, அவருடையதேதான். 2023 முதல் ஆண்ட்ராய்டு குரோம் எந்தப் போனாக இருந்தாலும் தன்னை இப்படித்தான் அறிமுகம் செய்துகொள்கிறது. மாடல் பெயருக்குப் பதில் K, பதிப்பு எதுவானாலும் 10. இதே மாதிரி விண்டோஸ் 11 கணினியும் `Windows NT 10.0` என்றுதான் பதிவாகும். இன்ஸ்டாகிராம் செயலி வழியாக வந்த வரிகளில் மட்டும் போனின் மாடல் எண் தெளிவாக இருக்கும். ஆகவே பிரவுசர் வரியில் இருக்கும் பதிப்பு எண்ணை வைத்து ஆளைப் பிடிக்கப் போகாதீர்கள்.

உண்மையில் அந்நியமான வரி இதுதான் (ஐபி எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன்):

```
"title": "2025-06-13T19:47:36+00:00"
"IP Address": "203.0.113.58"
"Time": 1749844056
"User Agent": "Mozilla/5.0 (Windows NT 10.0; Win64; x64) ..."
```

அக்காவிடம் கணினியே கிடையாது, அதனால் விண்டோஸ் என்ற ஒரு சொல்லே போதும். ஆனால் இதைப் பார்த்ததும் அவர் இன்னொரு ஆளைப் பிடித்துவிட்டார். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழே முக்கால். அப்போ தங்கச்சி பையன் லேப்டாப்போட இங்கதான் இருந்தான்!” கடைசியில் உள்ள `+00:00` அவர் கண்ணில் படவில்லை. அது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கூட்டினால் சனிக்கிழமை அதிகாலை 1:17. நாளே மாறிப்போகிறது. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம், தங்கை மகன் ஊருக்குப் போய்ப் பல மணி நேரம் ஆகியிருந்தது.

`Time` என்ற இடத்தில் இருக்கும் பத்து இலக்க எண், 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகள். வரிகள் நிறைய இருந்தால் எக்செலில் போட்டு ஒரே சூத்திரத்தில் நம் நேரமாக மாற்றிவிடலாம். விடை வெறும் எண்ணாக வந்தால் அந்தக் கட்டத்துக்குத் தேதி வடிவம் கொடுக்க வேண்டும்.

```
=A1/86400+DATE(1970,1,1)+TIME(5,30,0)
```

சரி, அப்படியென்றால் கணக்கு பறிபோனது அதிகாலை 1:17-க்கா? இங்கேதான் பலர் விசாரணையை முடித்துவிடுகிறார்கள். அது திருடன் கதவைத் திறந்த நேரம். சாவி எப்போது கைமாறியது என்பது தனிக் கேள்வி. சாவி போன வழியைப் பொறுத்துத் தடயமும் மாறும். மெயிலைப் பிடித்து அதன் மூலம் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், உள்ளே வருவதற்குச் சற்று முன் பாஸ்வேர்டு ரீசெட் மெயில் வந்திருக்கும். ஜிமெயில் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும் என்பதால் அங்கேயும் தேட வேண்டும். அக்காவுக்கு அப்படி எதுவும் வரவில்லை, பாஸ்வேர்டு மாறிய பதிவும் இல்லை. புதிய கணினி ஒன்று நேராக வந்து சரியான பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறது. அதாவது, அது முன்பே தெரிந்திருக்கிறது.

எனவே 1:17-க்கு முந்தைய நாட்களின் மெசேஜ்களைப் பார்த்தோம். இங்கே இரண்டு பொறிகள். மெசேஜ் கோப்பில் நேரம் `timestamp_ms`, பதின்மூன்று இலக்கம், மில்லி விநாடி. மேலே சொன்ன சூத்திரத்தில் 86400-க்குப் பதில் 86400000 போட வேண்டும். இன்னொன்று, JSON வடிவில் தமிழ் எழுத்துகள் `\u00e0\u00ae` என்று சிதைந்து வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதே தரவை HTML வடிவில் இன்னொரு முறை கேட்டு வாங்கினால் தமிழ் தமிழாகவே இருக்கும்.

1749744480215. ஜூன் 12, வியாழக்கிழமை இரவு 9:38. தெரிந்த வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கிலிருந்து, “ஒரு போட்டியில் இருக்கேன், ஓட்டு போடுங்க” என்று ஒரு லிங்க். அக்காவுக்கு ஞாபகம் வந்தது: திறந்ததும் இன்ஸ்டாகிராம் மாதிரியே ஒரு பக்கம் பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது, போட்டிருக்கிறார். குரோம் ஹிஸ்டரியில் அந்த லிங்க் இல்லை, இருக்கவும் இருக்காது. இன்ஸ்டாகிராமில் தட்டிய லிங்க் பெரும்பாலும் அதன் உள்ளேயே இருக்கும் பிரவுசரில்தான் திறக்கும். பாஸ்வேர்டு போய் இருபத்தேழரை மணி நேரம் கழித்துத்தான் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அனுப்பிய வாடிக்கையாளரும் குற்றவாளி இல்லை, அவருடைய கணக்கும் முன்பே பறிபோயிருந்தது.

எல்லா வழக்கிலும் இப்படி ஒரு புதிய வரி கிடைக்காது. கணினியில் தகவல் திருடும் மென்பொருள் புகுந்து, நாம் ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பதற்கு அடையாளமாகப் பிரவுசர் வைத்திருக்கும் குக்கீயையே எடுத்துப் போனால், புதிதாக உள்நுழைவு என்று எதுவும் பதிவாகாமலே போகலாம். பட்டியல் சுத்தமாக இருக்கிறது, ஆகவே யாரும் வரவில்லை என்று சொல்ல முடியாது. அப்போது கணினியைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மாற்றிய பாஸ்வேர்டும் அடுத்த நிமிடமே போய்விடும்.

அந்த ஐபி எண்ணைத் தேடினால் வாடகைக்குச் சர்வர் தரும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுதான் வந்தது. அதன் பின்னால் இருப்பவர் யார் என்பதை நாம் வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பணம் இழந்த வாடிக்கையாளர் அன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துவிட்டார். அக்கா cybercrime.gov.in-ல் கொடுத்த புகாரில் ஐபி எண்ணையும், நேரத்தை இரண்டு விதமாகவும் எழுதச் சொன்னேன்: 13-06-2025, 19:47:36 யுடிசி, 14-06-2025, 01:17:36 இந்திய நேரம். சந்தேகப்படும் நபர் என்ற இடத்தில் பார்சல் பையனின் பெயரை எழுதி வைத்திருந்தார். அதை அழித்துவிட்டுத்தான் அனுப்பினோம்.