நீளம் சரி, தொடர் தப்பு: எல்.ஐ.எஸ். எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

போன வாரம் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், ஒரு வரிசையில் ஏறிக்கொண்டே போகும் மிக நீளமான தொடரை, அதாவது எல்.ஐ.எஸ்.-ஐ, கண்டுபிடிக்கும் தன் கோடைக் காட்டினாள். 10 9 2 5 3 7 101 18 என்ற வரிசையைக் கொடுத்தால் 2 3 7 18 என்று விடை வந்தது. "சரியா வருதுண்ணா" என்றாள். சரியாகத்தான் வந்தது. ஆனால் கோடு தப்பு. எட்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே தப்பு.

அதனால்தான் இதை எழுதுகிறேன். லூப் எல்லையை மறப்பது, டேபிளில் பெரிய மதிப்பை எடுக்காமல் கடைசிக் கட்டத்தை எடுப்பது போன்றவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். `tails`-ஐயே விடையாக எடுக்கும் இந்தத் தப்பு அப்படி மாட்டாது.

## tails என்பது விடை அல்ல

வரிசையை மாற்றாமல், இடையில் சிலவற்றை விட்டுவிட்டு, ஏறிக்கொண்டே போகும் மிக நீளமான தொடரைத் தேடுகிறோம். டேபிள் முறையில் `dp[i]` என்பது i-ஆவது எண்ணில் முடியும் மிக நீளமான தொடரின் நீளம். ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் உள்ள எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு லட்சம் எண்கள் என்றால் சுமார் 500 கோடி ஒப்பீடுகள். `tails` முறையில் ஓர் எண்ணுக்கு ஒரு பைனரி சர்ச், அதிகம் போனால் 17 ஒப்பீடு. மொத்தம் 17 லட்சத்தோடு முடிந்துவிடும்.

வேகத்துக்கு ஒரு விலை இருக்கிறது. `tails[k]` என்பது k+1 நீளமுள்ள தொடர்களின் கடைசி எண்களில் மிகச் சிறியது. அதாவது ஒவ்வொரு கட்டமும் வேறு வேறு தொடரின் வால். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே தொடர் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. டேபிளில் எழுதியது அழியாது. இங்கே பழைய வாலின் மேல் புதிய வால் உட்காரும்.

எட்டு வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், திரையில் வரிகளை இழுத்து இடம் மாற்றும் பட்டியல் ஒன்று இருந்தது. எந்த வரிகளை நகர்த்தாமல் விடலாம் என்று தெரிந்தால் மற்றவற்றை மட்டும் நகர்த்தினால் போதும். புதிய வரிசையில் பழைய இட எண்களை எழுதி அதில் எல்.ஐ.எஸ். எடுத்தால், அதுதான் நகர வேண்டாத கூட்டம். நான் `tails`-ஐ அப்படியே அந்தக் கூட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான்கு வரிகள்: 0 1 2 3. முதல் வரியை அடியில் கொண்டு போய் விட்டால் புதிய வரிசை 1 2 3 0. `tails` எப்படி வளர்கிறது பாருங்கள்:

```
1  -> [1]
2  -> [1, 2]
3  -> [1, 2, 3]
0  -> [0, 2, 3]
```

நீளம் 3, சரி. ஆனால் 0 கடைசியில் வந்த எண். அதற்குப் பிறகு 2-ம் இல்லை, 3-ம் இல்லை. என் கோடோ 0, 2, 3 நகர வேண்டாம், 1-ஐ மட்டும் 2-க்கு முன்னால் வை என்றது. 1 ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. பயனர் அடியில் விட்ட வரி மறுபடி உச்சிக்கே போய் உட்கார்ந்தது.

டெஸ்டுகள் எல்லாம் பாஸ். ஏனென்றால் நாங்கள் எழுதியவை எல்லாமே கீழிருந்து மேலே இழுப்பவை. 3 0 1 2 என்று கொடுத்துப் பாருங்கள், `tails` சரியாக 0 1 2 தரும். ஒரு வரியை இரண்டு இடமோ அதற்கு மேலோ கீழே இறக்கினால் மட்டும்தான் உடையும். இதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் திரை வரையும் கோடையே குடைந்துகொண்டிருந்தேன். இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

தீர்வு, மதிப்போடு இட எண்ணையும் வைத்துக்கொள்வது. ஓர் எண் உட்காரும் அந்த நொடியில் இடப்பக்கக் கட்டத்தில் யார் இருந்தார் என்பதை `prev`-இல் எழுதிவிட வேண்டும்:

```python
p = bisect_left(tails, x)
prev[i] = idx[p-1] if p else -1
if p == len(tails):
    tails.append(x); idx.append(i)
else:
    tails[p] = x; idx[p] = i
```

முடிவில் `idx[-1]`-இல் தொடங்கி `prev` வழியே பின்னோக்கி நடந்து, கிடைத்ததைத் திருப்பிப் போடுங்கள். மேலே உள்ள வரிசையில் 3, 2, 1 என்று வரும். பின்னால் வந்த 0 அந்தப் பாதையைத் தொடவே முடியாது. `prev` இல்லாமல் `idx`-ஐ மட்டும் படித்தால் அதே பழைய தப்புதான்: இட எண்கள் 3, 1, 2 என்று குதிக்கும்.

## சமமான எண்கள்

கண்டிப்பாக ஏற வேண்டுமென்றால் `bisect_left`, சமமும் போதுமென்றால் `bisect_right`. 7 7 7 கொடுத்தால் முதலாவது 1, இரண்டாவது 3.

## கூட்டுத்தொகை கேட்டால்

100 1 2 3-இல் நீளமானது 1 2 3, தொகையில் பெரியது 100 மட்டும். சிறிய வாலை மட்டும் வைத்துக்கொள்ளும் `tails` இதற்கு உதவாது. டேபிளை எடுங்கள்.

## டேபிளைத் தூக்கிப் போடுவது

இரண்டாயிரம் எண்களுக்கு டேபிள் சுமார் 20 லட்சம் ஒப்பீடுதான், தாராளமாகப் போதும். பெரிய வரிசைக்கு `tails` எழுதினாலும் டேபிளைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். 7 எண்களின் 5,040 வரிசை மாற்றங்களையும் ஓட்டி, நீளம் ஒன்றுதானா என்று பாருங்கள். தொடரை டேபிளின் தொடரோடு ஒப்பிட வேண்டாம், ஒரே நீளத்தில் பல இருக்கலாம். அதற்குப் பதில், கிடைத்த இட எண்களும் அவற்றின் மதிப்புகளும் ஏறுகின்றனவா என்று பாருங்கள். அந்தப் பெண்ணின் கோடில் இந்தச் சோதனையைச் சேர்த்து ஓட்டினோம். எண்களைக் குறைத்துக்கொண்டே வந்தபோது மாட்டிய மிகச் சிறிய வரிசை 1 2 0.