ரிங்கு பார்த்தாச்சு, அடுத்து? ஜப்பானின் வீடியோப் பேய்களைத் தேடிப் பிடிக்கும் வழி

‘ரிங்கு’, ‘ஜு-ஆன்’ எல்லாம் பலமுறை பார்த்து முடித்தவர்கள் ‘சிறந்த ஜப்பானியத் திகில் படங்கள்’ என்று தேடினால் அதே பத்துப் படங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் தியேட்டருக்கு வந்த படங்களைப் பற்றியவை. ஜப்பானில் நேரடியாக வீடியோ கேசட்டுக்கென்றே எடுக்கப்பட்ட திகில் படங்கள் ஏராளம். அங்கே போய்ச் சேரும் வழியை ‘ரிங்கு’வை வைத்தே பார்ப்போம்.

முதலில், பிடித்த படத்தில் உங்களைப் பயமுறுத்தியது எது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘பேய்’ என்று எழுதினால் தேடல் எங்கும் போகாது. ‘மங்கலான ஒரு வீடியோவில், இருக்கக்கூடாத யாரோ இருக்கிறார்’ என்று எழுதினால் வேலைக்கு ஆகும். நாம் தேடப்போவது கதையை அல்ல, பயம் காட்டும் விதத்தை.

அடுத்து, படத்தில் வேலை செய்தவர்களைப் பின்தொடருங்கள். எல்லோரும் இயக்குநர் ஹிடேயோ நகாட்டாவோடு நின்றுவிடுகிறார்கள். திரைக்கதை எழுதிய ஹிரோஷி தகாஹாஷியின் பக்கம் போங்கள். ‘ரிங்கு’ தொடரிலேயே வேறு யாரெல்லாம் இயக்கினார்கள் என்றும் பாருங்கள். 2000-இல் வந்த ‘ரிங் 0’ படத்தை இயக்கியவர் நோரியோ சுருட்டா. அவருடைய பழைய படங்களில் 1991-இல் நேரடியாக வீடியோவில் வந்த, சிறு பேய்க்கதைகளின் தொகுப்பு ஒன்று இருக்கும். இதில் பேய் பாய்ந்து வராது. பின்னால், தள்ளி, முகம் சரியாகத் தெரியாமல் நின்றுகொண்டிருக்கும். பிற்காலத்தில் ‘ஜே-ஹாரர்’ என்று உலகம் கொண்டாடிய பாணி இங்கேயே தெளிவாகத் தெரிகிறது. அதற்குத் திரைக்கதை எழுதிய சியாக்கி கொனாகாவைப் பிடித்தால் இன்னும் பின்னால் 1988-க்குப் போகலாம். ஒரு பாடகியின் புதுப் பாட்டு எப்படி விளம்பரப்படுத்தப்படுகிறது என்று டிவி குழு எடுக்கும் ஆவணப்படம் போலவே அமைந்த ஒரு படம் அது. எடுத்த காட்சிகளில் அழைக்காத ஒரு பெண் நிற்கிறாள். இதே பாணியில் எடுத்த அமெரிக்கத் திகில் படமான ‘பிளேர் விட்ச்’ வருவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே இதைச் செய்துவிட்டார்கள்!

இனி தேடல். ஆங்கில எழுத்தில் தேடினால் ஆளுக்கொரு தலைப்பு வைத்திருப்பதால் பாதி தப்பிவிடும். ஜப்பானிய எழுத்தையே நகலெடுத்து ஒட்டுங்கள். மேலே சொன்ன 1991 தொகுப்பு, 1988 படம், ‘பேய் ஆவணப்படம்’ என்ற இந்த வகையின் பெயர், வரிசைப்படி:

```
ほんとにあった怖い話 1991
邪願霊
心霊ドキュメンタリー
```

மூன்றாவதை மட்டும் தட்டினால் பாழடைந்த கட்டடங்களுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு போகும் யூடியூபர்கள் வந்து குவிவார்கள். பக்கத்தில் `オリジナルビデオ` என்று சேர்த்தால் வீடியோவுக்கென்று எடுத்தவை மேலே வரும். படங்களைப் பட்டியலிடும் Letterboxd தளத்தில் என்றால், ஜப்பான், திகில், ஆண்டு என்று வடிகட்டிவிட்டு, பிரபல வரிசையின் கடைசிப் பக்கங்களிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்.

கிடைத்தது தனி வகையா, தற்செயலாக ஒத்துப்போன ஒரு படமா என்று எப்படித் தெரியும்? வெவ்வேறு ஆட்கள் எடுத்த படங்களில் ஒரே சடங்கு திரும்ப வரவேண்டும். 1999-இல் தொடங்கி நூறு பாகங்களைத் தாண்டிய `ほんとにあった!呪いのビデオ` தொடரைப் பாருங்கள். யாரோ அனுப்பிய வீட்டு வீடியோ ஓடும். எதுவும் தெரியாது. பிறகு அமைதியான குரலில் ஒருவர், ‘கவனித்தீர்களா?’ என்று கேட்பார். அதே காட்சி மெதுவாக மறுபடி ஓடும். இந்த முறை தெரியும். அந்தக் கேள்வி ஜப்பானில் அவ்வளவு பிரபலம் என்பதால் அதையே தேடுசொல்லாகப் போடலாம்:

```
おわかりいただけただろうか
```

இந்தத் தொடரின் சில பாகங்களை இயக்கிய கோஜி ஷிரைஷிதான் 2005-இல் ‘நோரோய்’ எடுத்தார். சப்டைட்டிலோடு எளிதில் கிடைப்பதும் அதுதான். ஆகவே தேடிப்போனது 1988 வரை என்றாலும், பார்க்கத் தொடங்குவது ‘நோரோய்’யிலிருந்து இருக்கட்டும். அதில் பேட்டி, பழைய டேப், டிவி நிகழ்ச்சித் துண்டு என எல்லாம் கலந்து வரும். அந்த அமைப்பு பழகிவிட்டால் பழைய வீடியோக்களின் நிதானம் சலிக்காது.

ஒரு எச்சரிக்கை. இவற்றில் பாதிக் கதை பின்னணிக் குரலில்தான் நடக்கிறது. சப்டைட்டில் இல்லாத பிரதியைப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். படத்தின் தரத்தைக் கணினியால் கூட்டிய பிரதிகளையும் தவிருங்கள். பேய் ஒளிந்திருப்பதே அந்த மங்கலில்தான், அதைத் துடைத்துச் சுத்தம் செய்தால் ஓரத்தில் நிற்பது வெறும் நடிகையாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.