கமிஷன் சுழியம், கழிவு 43 சதவீதம்: எந்தப் பொருளை எந்தத் தளத்தில் விற்பது என்று கணக்குப் போடும் முறை

ஆன்லைனில் விற்கத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது கமிஷன் பட்டியலைத்தான். எந்தப் பிரிவுக்கு எந்தத் தளத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, குறைவாக இருக்கும் இடத்தில் கடை போட்டுவிடலாம் என்பது எண்ணம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அது ஓரளவு வேலைக்கு ஆகிற வழியாகவும் இருந்தது. இப்போது இல்லை. மீஷோ 2021-லேயே விற்பனையாளர் கமிஷனைச் சுழியமாக்கியது. 2025 ஏப்ரலில் அமேசான், 300 ரூபாய்க்குக் குறைந்த பொருள்களுக்கு 135-க்கும் மேற்பட்ட பிரிவுகளில் கமிஷனை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஃப்ளிப்கார்ட், 1,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள்களுக்குச் சுழியக் கமிஷனை அறிவித்தது. மலிவான பொருளுக்கு எல்லா இடத்திலும் சுழியம் என்றால் எதை வைத்து ஒப்பிடுவது?

ஒரு ஆர்டருக்கு மொத்தம் எவ்வளவு கழிகிறது என்பதை வைத்துத்தான். கரூரில் வாங்கி விற்கும் ஒருவரிடம் மூன்று பொருள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: சமையலறைத் துண்டு நான்கு கொண்ட செட், தலையணை உறைகளோடு இரட்டைக் கட்டில் பெட்ஷீட், பருத்தி நைட்டி. கீழே வரும் கட்டணங்களும் விலைகளும் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் விற்பனையாளர் பக்கத்தில் இன்று இருக்கும் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த எண்கள் அடிக்கடி மாறும். யூடியூபில் பார்த்த பழைய பட்டியலை நம்ப வேண்டாம்.

படி 1: பிரிவை முதலில் உறுதி செய்யுங்கள்

கமிஷன் பொருளுக்கு அல்ல, பொருள் பட்டியலிடப்படும் கடைசி உட்பிரிவுக்கு. சமையல் ஏப்ரன் ஒரு தளத்தில் சமையலறைத் துணியாகவும், இன்னொன்றில் உடையாகவும் வகைப்படுத்தப்பட்டிருக்கலாம். இரண்டுக்கும் கட்டணம் வேறு, ரிட்டர்ன் விதியும் வேறு. அதனால் பட்டியலைத் திறப்பதற்கு முன், உங்கள் பொருளைப் போன்ற ஒன்று அந்தத் தளத்தில் எந்தப் பிரிவின் கீழ் விற்பனையாகிறது என்று பொருளின் பக்கத்திலேயே பாருங்கள். கமிஷன் குறைவு என்பதற்காகப் பொருந்தாத பிரிவில் போட்டுவைப்பது நிலைக்காது. தளம் கண்டுபிடித்துப் பிரிவை மாற்றிவிடும், சில நேரம் லிஸ்டிங்கையே முடக்கிவிடும். நீங்கள் விலை வைத்த கணக்கு அத்தோடு போச்சு.

படி 2: கழியும் நான்கையும் ஒரே இடத்தில் எழுதுங்கள்

தளம் உங்கள் பணத்திலிருந்து எடுப்பது பெரும்பாலும் நான்கு: சதவீதக் கமிஷன், ஆர்டருக்கு இவ்வளவு என்ற நிலைக் கட்டணம், எடையையும் தூரத்தையும் பொறுத்த ஷிப்பிங், இந்த மூன்றின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி.

ஷிப்பிங் எடையில் ஒரு பொறி இருக்கிறது. தராசு காட்டும் எடை, பெட்டியின் கன அளவை வைத்துக் கணக்கிடும் எடை, இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது இங்கே வழக்கம். ஐந்து சோபா குஷன்களை 40×40×25 பெட்டியில் அடைத்தால், கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாத அந்தப் பெட்டி 8 கிலோவாகிவிடும். காற்றை உறிஞ்சும் உறையில் போட்டு உயரத்தைப் பத்தாக்கினால் 3.2 கிலோ. கமிஷனில் இரண்டு சதவீதம் குறைக்க அலைவதைவிட இது பெரிய காசு.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. "கட்டணத்தின் மீதான வரி கிரெடிட்டாகத் திரும்பி வந்துவிடும், அதைச் செலவில் சேர்க்க வேண்டாம்" என்று பலர் சொல்வார்கள். உங்கள் பொருளுக்கு 18 சதவீத வரி என்றால் அது சரி. இந்த விலைத் துணிகளுக்கு 5 சதவீதம்தான். மலிவான பொருளில், நீங்கள் கட்ட வேண்டிய வரியைவிடக் கட்டணங்களின் மீது சேரும் கிரெடிட் அதிகமாகிவிடும். மிஞ்சுவது கணக்கில் தேங்கி நிற்கும். விற்கும் பொருளைவிட வாங்கியவற்றுக்கு வரி விகிதம் அதிகமாக இருந்தால் கேட்கும் ரீஃபண்டில், இந்தக் கட்டணங்களைப் போன்ற சேவைகள் மீது கட்டிய வரி கணக்கில் வராது. ஆகவே 5 சதவீதப் பொருளுக்கு அந்த 18-ஐச் செலவாகவே வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பு.

தளம் பணம் அனுப்பும்போது தரும் செட்டில்மென்ட் தாளில் டிசிஎஸ், டிடிஎஸ் என்று வேறு இரண்டு கழிவுகளும் தெரியும். டிசிஎஸ் 2024 ஜூலையிலிருந்து 0.5 சதவீதம், டிடிஎஸ் அதே ஆண்டு அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம். இவை உங்கள் பெயரில் கட்டப்படும் வரி. தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

படி 3: தாளில் ஒரே ஒரு சூத்திரம்

எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் ஒரு பொருளும் ஒரு தளமும் சேர்ந்தது ஒரு நெடுவரிசை. B2-இல் வரி உட்பட விற்பனை விலை, B3-இல் கமிஷன் விகிதம், B4-இல் நிலைக் கட்டணம், B5-இல் ஷிப்பிங், B6-இல் வரி நீங்கலாகக் கொள்முதலும் பேக்கிங்கும் சேர்ந்த அடக்கம். மீதி இது:

```
=B2/1.05-(B2*B3+B4+B5)*1.18-B6
```

துண்டு செட்டைப் போடுவோம். விலை 249, கமிஷன் சுழியம், நிலைக் கட்டணம் 25, ஷிப்பிங் 65, அடக்கம் 101. கட்டணம் வரியோடு 106 ரூபாய், கையில் நிற்பது 30. கமிஷனே இல்லாத பொருளில் விலையின் 43 சதவீதம் போய்விட்டது. இப்போது பெட்ஷீட்: விலை 1,099, கமிஷன் 10 சதவீதம், நிலைக் கட்டணம் 50, ஷிப்பிங் 110. மொத்தக் கழிவு 318 ரூபாய், அதாவது 29 சதவீதம். கமிஷன் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் துண்டுதான் லாபம் என்று தோன்றியிருக்கும்.

துண்டைத் தின்பது ஆர்டருக்கு ஒருமுறை விழும் கட்டணங்கள். இரண்டு செட்டை ஒன்றாகக் கட்டி 449-க்குக் கொடுத்துப் பாருங்கள். ஷிப்பிங் 85 ஆக ஏறினாலும், அடக்கம் 198 போக 100 ரூபாய் மிஞ்சும். தனித்தனியாக இரண்டு ஆர்டர் என்றால் 60 தான்.

படி 4: விலை எல்லைக்கு அருகே நிற்காதீர்கள்

1,000 ரூபாய்க்குக் கீழே கமிஷன் இல்லை, மேலே 10 சதவீதம் என்ற தளத்தில், அதே பெட்ஷீட்டை 999-க்கு விற்றால் என்ன ஆகும்? அடக்கம் 560 என்று வைத்து இரண்டையும் தாளில் போடுங்கள். 1,099-க்கு விற்றால் மிச்சம் ஏறத்தாழ 168, 999-க்கு விற்றால் ஏறத்தாழ 203. நூறு ரூபாய் குறைத்து விற்றவர் முப்பத்தைந்து ரூபாய் அளவுக்குக் கூடுதலாக வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

இந்தக் கட்டணங்களில் 1,000 முதல் சுமார் 1,140 வரை எந்த விலை வைத்தாலும் 999-ஐவிட நஷ்டம்தான். எல்லையைத் தாண்டியதும் கமிஷன் அதிகப்படியான ரூபாய்க்கு மட்டும் அல்லாமல் முழு விலைக்கும் விழுவதால் வரும் பள்ளம் இது. நிலைக் கட்டணமும் பல தளங்களில் விலை அடுக்கைப் பொறுத்தே ஏறும் என்பதால் பள்ளம் இன்னும் அகலமாகலாம். உங்கள் தளத்தில் எல்லை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே நில்லுங்கள், இல்லாவிட்டால் நன்றாகத் தாண்டிப் போங்கள்.

படி 5: வாங்குபவர் பார்க்கும் விலையில் ஒப்பிடுங்கள்

சில தளங்கள் ஷிப்பிங்கை உங்களிடம் பிடிக்காமல், நீங்கள் குறித்த விலையின் மேல் ஏற்றி வாங்குபவருக்குக் காட்டும். அங்கே செலவே இல்லை என்று மகிழ்ந்துவிடாதீர்கள். வாங்குபவருக்கு எந்த எண் தெரிகிறதோ அதை வைத்துத்தான் அவர் பக்கத்துக் கடையோடு ஒப்பிடுகிறார்.

அந்தத் தளத்தில் இதே ரகத் துண்டு செட் 229-க்குப் போகிறது, ஷிப்பிங் 70 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விலை 159. அதை B2-இல் போட்டு, மற்றக் கட்டணங்களைச் சுழியமாக்கினால் மிச்சம் 50. முதல் தளத்தின் 30-ஐவிட நல்லது. பெட்ஷீட்டுக்கு அங்கே நடப்பு விலை 700, ஷிப்பிங் 130 என்றால் உங்கள் விலை 570, வரி போக 543. அடக்கமே 560. துண்டு அங்கே, பெட்ஷீட் இங்கே என்பது இப்படித்தான் முடிவாகிறது. நடப்பு விலையைத் தெரிந்துகொள்ள, அந்தத் தளத்தின் முதல் பக்க முடிவுகளில் மதிப்புரை அதிகமுள்ள ஐந்தாறு லிஸ்டிங்கைப் பார்த்தால் போதும். நீங்கள் வைக்க விரும்பும் விலைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

படி 6: ரிட்டர்னைக் கழித்த பிறகே முடிவு

நைட்டியில் கணக்கு தலைகீழாகலாம். திரும்பி வரும் ஒவ்வொரு நைட்டிக்கும் திரும்ப அனுப்பும் கட்டணம், புதிய பேக்கிங், சிலது மறுபடி விற்க முடியாமல் போவது எல்லாம் சேர்த்துச் சராசரியாக 120 ரூபாய் நஷ்டம் என்று கொள்வோம். B7-இல் படி 3-இன் மிச்சம், B8-இல் ரிட்டர்ன் விகிதம், B9-இல் ஒரு ரிட்டர்னின் நஷ்டம்:

```
=(1-B8)*B7-B8*B9
```

கமிஷன் இல்லாத தளத்தில் ஒரு நைட்டிக்கு 70 ரூபாய் மிச்சம், ஆனால் நூற்றில் 25 திரும்புகிறது: அனுப்பிய ஒன்றுக்கு 22.50. கமிஷன் பிடிக்கும் தளத்தில் மிச்சம் 45 தான், திரும்புவது 12: அனுப்பிய ஒன்றுக்கு 25.20. கமிஷன் கொடுப்பவர் முந்திவிட்டார். முதல் தளத்தில் ரிட்டர்ன் 37 சதவீதத்தைத் தொட்டால் லாபம் மறைந்துவிடும். உடையில் அளவு பொருந்தாமல் திரும்புவதும், பணம் முன்கூட்டிக் கொடுக்காத ஆர்டர்களைக் கதவருகிலேயே மறுப்பதும் சகஜம். கதவருகே மறுத்த பார்சலுக்கும், வாங்கிய பிறகு திருப்பியதற்கும் தளங்கள் வேறுவேறு கட்டணம் வைத்திருக்கும் என்பதால் B9-ஐ இரண்டாகப் பிரித்து வைப்பது நல்லது. துண்டிலும் பெட்ஷீட்டிலும் அளவுப் பிரச்சினை கிடையாது. பெட்ஷீட்டில் நிறம் படத்தைப் போல இல்லை என்ற புகார் மட்டும் வரும்.

தொடங்கும்போது உங்கள் ரிட்டர்ன் விகிதம் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு தளத்திலும் முப்பது நாற்பது ஆர்டர் போகும்வரை சிறிய இருப்போடு நடத்திவிட்டு B8-ஐ நிரப்புங்கள்.

படி 7: செட்டில்மென்ட் தாளோடு ஒத்துப்பாருங்கள்

முதல் பணம் வந்ததும் ஆர்டர்வாரியான அறிக்கையைத் தரவிறக்கி, உங்கள் தாளின் நான்கு கட்டணங்களோடு வரிவரியாகப் பொருத்துங்கள். கமிஷன் வேறுபட்டால், பிரிவு மாற்றப்பட்டிருக்கலாம். ஷிப்பிங் மட்டும் வேறுபட்டால், பொருளை வேறு எடையில் பதிவு செய்திருக்கிறார்கள் அல்லது ஆர்டர் நீங்கள் நினைத்ததைவிடத் தூரமான மண்டலத்துக்குப் போயிருக்கிறது. எடைதான் காரணம் என்றால், கட்டிய பார்சலைத் தராசின் மேல் வைத்து எண் தெரிய ஒரு படம், அளவுநாடாவோடு மூன்று பக்கத்துக்கும் படம், இவற்றை இணைத்து ஆட்சேபம் பதிவு செய்யலாம். அதற்குக் கால வரம்பு உண்டு. பார்சல் போன பிறகு அந்தப் படத்தை எடுக்க முடியாது என்பதால், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பார்சலை அனுப்புவதற்கு முன்பே படமெடுத்து வைத்துவிடுங்கள்.