வெறும் ‘சுருக்கிக் கொடுங்க’ என்று வரும் சந்தேகச் செய்தி: எங்கே சறுக்குகிறோம்?

நீளமான ஒரு செய்திக் கட்டுரையை அப்படியே ஒட்டி அனுப்புகிறார்கள். மேலே ஒரே ஒரு வரி: ‘இதைக் கொஞ்சம் சுருக்கிக் கொடுங்க.’ எந்தத் தளத்தில் வந்தது, என்ன தேதி, எதற்காகக் கேட்கிறார்கள், ஒன்றும் இல்லை. இரண்டாவது பத்தியைத் தாண்டும்போதே இது கிண்டலுக்கு எழுதியதோ, இல்லை யாரோ கிளப்பிவிட்டதோ என்று ஒரு நெருடல். கேட்டது சுருக்கம்தானே, உண்மையா பொய்யா என்று யாரும் கேட்கவில்லையே என்று நாலு வரியில் முடித்து அனுப்பிவிடத் தோன்றும். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

சுருக்கும்போது முதலில் எதை வெட்டுவோம்? அளவுக்கு மீறிய வர்ணனை, தேவையில்லாத மேற்கோள், சம்பந்தமில்லாத துணைத் தகவல். நையாண்டிக் கட்டுரை தன்னை நையாண்டி என்று காட்டிக்கொள்வதே இவற்றால்தான். அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ‘இன்னார் இதைச் செய்தார்’ என்ற நிதானமான வாக்கியம். மூலக் கட்டுரையைவிடச் சுருக்கம்தான் நம்பும்படியாக இருக்கும்.

2012 நவம்பரில் ‘தி ஆனியன்’ என்ற அமெரிக்க நையாண்டி இதழ், அந்த ஆண்டின் கவர்ச்சியான ஆண் வட கொரியத் தலைவர் கிம் ஜாங் உன் என்று அறிவித்தது. அவருடைய வட்ட முகத்தையும் பையன்தனமான வசீகரத்தையும் உருகி உருகிப் புகழ்ந்திருந்தார்கள். சீனாவின் ‘பீப்பிள்ஸ் டெய்லி’ நாளிதழின் இணையப் பதிப்பு இதை உண்மை என்று எடுத்துக்கொண்டு, 55 படங்களோடு ஒரு தொகுப்பே போட்டது. அந்த உருகலை முழுசாகப் படித்தவர்களுக்கே இப்படி என்றால், ‘அமெரிக்க இதழ் ஒன்று கிம் ஜாங் உன்னைக் கவர்ச்சியான ஆணாகத் தேர்ந்தெடுத்தது’ என்ற ஒற்றை வரி கையில் கிடைத்தவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? அந்த வரியில் தகவல் பிழை எதுவும் கிடையாது. தேர்ந்தெடுத்தது நையாண்டி இதழ் என்பது மட்டும் காணாமல் போயிருக்கிறது.

ஒட்டி அனுப்பும்போதே பாதி அடையாளம் போய்விடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. தளத்தின் முகவரி, எழுதியவர் பெயர், தேதி, அடியில் ‘இது கற்பனை’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் குறிப்பு, எதுவும் கூட வராது. அதனால் ஒட்டிய உரையில் எச்சரிக்கை இல்லை என்பதற்காக மூலத்திலும் இருந்திருக்காது என்று முடிவு கட்ட முடியாது.

நையாண்டியைவிட ஆபத்தானது, நையாண்டியாக எழுதப்படாத பொய். அங்கே சிரிப்பு மூட்டும் வர்ணனை இருக்காது. துப்பு சின்னச் சின்ன விவரங்களில்தான் ஒளிந்திருக்கும். 2016 டிசம்பரில் நடந்தது ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஏடபிள்யூடி நியூஸ் என்ற தளத்தில் ஒரு கட்டுரை வந்தது. பாகிஸ்தான் சிரியாவுக்குத் தரைப்படையை அனுப்பினால் அணு ஆயுதத்தால் அழித்துவிடுவோம் என்று இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் மோஷே யாலோன் மிரட்டியதாகச் சொன்னது கட்டுரை. தலைப்பில் ஆங்கில இலக்கணமே தடுமாறியிருந்தது. அதை விடுங்கள், நல்ல தளங்களிலும் எழுத்துப்பிழை வரும். பெரிய துப்பு அந்தப் பெயர். யாலோன் அதே ஆண்டு மே மாதமே பதவி விலகிவிட்டார். டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் அவிக்டோர் லீபர்மேன்.

இதைப் படித்த பாகிஸ்தான் பாதுகாப்பு அமைச்சர் கவாஜா ஆசிப் ட்விட்டரில் பதில் கொடுத்தார்: இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சர் அணு ஆயுத மிரட்டல் விடுக்கிறார், பாகிஸ்தானும் அணு ஆயுத நாடுதான் என்பதை இஸ்ரேல் மறந்துவிட்டது என்ற ரீதியில். யாலோன் அப்படிச் சொல்லவே இல்லை என்று இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகம் பிறகு மறுத்தது.

அந்த ட்வீட்டின் முதல் பாதி என்ன? கட்டுரையின் ஒரு வரிச் சுருக்கம்தான். அதில் யாலோன் என்ற பெயர் இல்லை, ‘பாதுகாப்பு அமைச்சர்’ என்ற பதவி மட்டும் இருக்கிறது. பொய்யைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரே சொல் அந்தப் பெயர். இடம் போதாதபோது பெயரைத் தூக்கிவிட்டுப் பதவியை வைப்பது சுருக்கி எழுதுகிற எல்லோருக்கும் கைவந்த பழக்கம். சந்தேகம் வந்த கட்டுரையில் மட்டும் இந்தப் பழக்கத்தை ஒதுக்கி வையுங்கள். பெயர், தேதி, இடம், ‘யார் சொன்னதாக’ என்ற நான்கும் சுருக்கத்தில் அப்படியே இருக்கட்டும். நீங்கள் கவனிக்காமல் விட்டதைப் படிப்பவராவது பிடிப்பார்.

பக்கத்திலேயே இன்னொரு குழி உண்டு. யாலோன் அப்போது அமைச்சர் இல்லை என்பது உங்களுக்குத் தெரிகிறது. ஏதோ கவனக்குறைவு என்று நினைத்து, சுருக்கத்தில் லீபர்மேன் என்று மாற்றிவிடுகிறீர்கள், அல்லது ‘முன்னாள் அமைச்சர்’ என்று சேர்க்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்குப் பிறகு பொய்யில் ஓட்டையே இருக்காது, நீங்களே அடைத்துவிட்டீர்கள். கட்டுரை தப்பாகச் சொன்னால் தப்பாகச் சொல்கிறது என்றே எழுத வேண்டும்.

சரி, எவ்வளவு தூரம் சரிபார்ப்பது? கேட்டவர் ஆய்வறிக்கை கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் மூன்று காரியம் போதும். கட்டுரையிலிருந்து வேறு யாரும் எழுத வாய்ப்பில்லாத ஒரு வாக்கியத்தை எடுத்து இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால், பெரும்பாலும் மூலத் தளம் சிக்கிவிடும். அந்தத் தளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் நையாண்டித் தளம் என்று அவர்களே எழுதியிருந்தால் வேலை முடிந்தது. அப்புறம், கட்டுரையில் வரும் முக்கியமான ஆள் அந்தத் தேதியில் அந்தப் பதவியில் இருந்தாரா என்று பாருங்கள். கடைசியாக, இவ்வளவு பெரிய விஷயம் என்றால் சம்பந்தப்பட்ட நிறுவனமோ செய்தி முகமைகளோ ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமே, சொல்லியிருக்கின்றனவா? ஒரே கட்டுரையை இருபது தளங்கள் நகலெடுத்துப் போட்டிருந்தால் அது இருபது சான்று ஆகாது. வாக்கியங்கள் வரிக்கு வரி ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு அந்த யாலோன் கட்டுரைக்கு நான் அனுப்பக்கூடிய சுருக்கம் இப்படி இருக்கும்:

‘முதலில் ஒரு விஷயம்: இதை நம்பிப் பகிர வேண்டாம். பாதுகாப்பு அமைச்சர் என்று கட்டுரை சொல்லும் மோஷே யாலோன் 2016 மே மாதமே பதவி விலகிவிட்டார். வேறு எங்கும் இந்தப் பேச்சு பதிவாகவில்லை. கட்டுரை சொல்வது: பாகிஸ்தான் சிரியாவுக்குத் தரைப்படை அனுப்பினால் அணு ஆயுதத் தாக்குதல் நடத்துவோம் என்று யாலோன் சொன்னாராம்.’

குறிப்பு மேலே இருக்கிறது, கீழே இல்லை. சுருக்கம் கேட்பவர் அவசரத்தில் கேட்கிறார், முதல் இரண்டு வரியைத்தான் படிப்பார். அடுத்தவருக்கு அனுப்பும்போதும் முதல் வரிகளைத்தான் வெட்டி எடுப்பார். கடைசியில் ‘பி.கு: உறுதி செய்யப்படவில்லை’ என்று போட்டால், போட்டோம் என்ற திருப்தி நமக்கு இருக்கும், அவ்வளவுதான். குறிப்பு முடிந்த பிறகும் ‘கட்டுரை சொல்வது’, ‘சொன்னாராம்’ என்று விடாமல் வருவதையும் பாருங்கள். மேலே எச்சரித்துவிட்டுக் கீழே ‘யாலோன் மிரட்டல் விடுத்தார்’ என்று எழுதினால் இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தை அடித்துவிடும்.

எதிர்ப்பக்கம் சறுக்குபவர்களும் இருக்கிறார்கள். படித்ததும் ‘இது பொய்ச் செய்தி’ என்று தீர்ப்பு எழுதி, சுருக்கமே கொடுக்காமல், இப்படியெல்லாம் பகிரக்கூடாது என்று நாலு வார்த்தை உபதேசமும் சேர்த்துவிடுவார்கள். கேட்டவர் ஒருவேளை அதைப் பொய் என்று தெரிந்தே, மறுப்பு எழுதுவதற்காகக் கேட்டிருக்கலாம். கேட்டதைக் கொடுத்துவிட்டு நமக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் வைப்பதுதான் மரியாதை. உபதேசத்தை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று, விசித்திரமாக இருக்கிறது என்பது மட்டும் பொய்க்கு அடையாளம் ஆகாது. 2019 ஆகஸ்டில் டிரம்ப் கிரீன்லாந்தை விலைக்கு வாங்க யோசிக்கிறார் என்று செய்தி வந்தபோது, டென்மார்க்கின் முன்னாள் பிரதமர் லார்ஸ் லொக்க ராஸ்முசனே இது ஏப்ரல் முட்டாள் ஜோக்காகத்தான் இருக்கும் என்று ட்வீட் போட்டார். செய்தி உண்மை. சில நாளிலேயே டிரம்ப் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். அன்றைக்கு யாராவது அந்தச் செய்தியைச் சுருக்கி, மேலே ‘நையாண்டி’ என்று முத்திரை குத்தியிருந்தால் அதுவும் ஒரு பொய்ச் செய்தியாகத்தான் சுற்றியிருக்கும். ஆகவே எதைப் பார்த்தீர்களோ அதை மட்டும் சொல்லுங்கள். மூலத் தளம் நையாண்டித் தளம் என்று கண்ணால் பார்த்திருந்தால் ‘நையாண்டி’ என்றே சொல்லலாம். நடை மட்டும் அப்படி இருந்தால் ‘நடை நையாண்டி போல இருக்கிறது, மூலம் கிடைக்கவில்லை’. தேட நேரமே இல்லை என்றால் ‘நான் சரிபார்க்கவில்லை’. மூன்றும் வெவ்வேறு வாக்கியங்கள், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக்கூடாது.

கேள்வி கேட்பதைப் பொறுத்தவரை, சுருக்கத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு ‘எங்கே கிடைத்தது, யார் அனுப்பினார்கள், எதற்கு வேண்டும்’ என்று விசாரணை நடத்தத் தேவையில்லை. சுருக்கத்தைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் ‘லிங்க் இருந்தால் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்’ என்றால் போதும்.

அதற்கு ‘தெரியும், காமெடிக்குத்தான் அனுப்பினேன், சும்மா சுருக்கிக் கொடுங்க’ என்று பதில் வந்தால் எச்சரிக்கைப் பத்தியை எடுத்துவிடலாம். ஜோக்கை ஜோக்காகவே சுருக்கலாம், அந்த உருகல் வர்ணனையில் ஒன்றிரண்டை வெட்டாமல் விட்டால் சுருக்கமும் சிரிக்க வைக்கும். முதல் வாக்கியத்தில் மட்டும் ‘தி ஆனியன் நையாண்டி இதழின்படி’ என்பது போல மூலத்தை வாக்கியத்துக்குள்ளேயே கோத்துவிடுங்கள். தனியாக ஒரு வரியில் நின்றால் அடுத்தவர் வெட்டி எடுக்கும்போது அது முதலில் போய்விடும்.